ப்ளூபிரிண்டிலிருந்து காரின் உடல்: மூன்று காட்சிகளும் ஒரே காரைச் சொல்லும் வரை

ப்ளூபிரிண்டை வைத்து உருவாக்கப்பட்ட 3D கார் மாடல்களில் அடிக்கடி காணும் குறை ஒன்று உண்டு. முன்புறக் காட்சியில் பார்த்தால் எல்லாக் கோடுகளும் படத்தின்மேல் கச்சிதமாக அமர்ந்திருக்கும், பக்கவாட்டிலும் அப்படியே இருக்கும், மேலிருந்து பார்த்தாலும் பிழை தெரியாது. ஆனால் முன்மூலையிலிருந்து சாய்வாகப் பார்த்த கணமே அது வேறு ஏதோ காராகிவிடும். மூக்கு தட்டையாகவோ, கூரை பலகை போலவோ, மொத்த உடலும் சற்று ஒடுங்கியோ தெரியும். மாடல் செய்தவர் எங்கே தவறு என்று தேடிப் புள்ளிகளை நகர்த்தத் தொடங்குவார். ஒரு காட்சியில் சரிசெய்வது இன்னொன்றில் கெடும்.

இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம் என்றாலும், நான் பார்த்தவரை பெரும்பாலானவை இரண்டில் அடங்குகின்றன. மூன்று படங்களும் ஒரே அளவில் இல்லாமலே வேலை தொடங்கியிருக்கும். அல்லது படத்தில் உள்ள ஒரு கோடு காரின் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பது தவறாகப் படிக்கப்பட்டிருக்கும். முதலாவதை ஒரு பென்சிலும் கால்குலேட்டரும் தீர்த்துவிடும். இரண்டாவதற்குத்தான் பழக்கம் வேண்டும். இரண்டையும் ஒரே காரை வைத்து, ப்ளெண்டர் மென்பொருளில் செய்து காட்டுகிறேன்.

நான் எடுத்துக்கொள்வது 1974இல் வெளிவந்த முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப். ஜ்யோர்ஜெத்தோ ஜ்யுஜியாரோ வடிவமைத்த இந்தக் கார் நேர்கோடுகளால் ஆன பெட்டி போலத் தோன்றும். அதனாலேயே அதைச் செய்வது எளிது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் வளைவுகளும் காற்றுத் துளைகளும் நிறைந்த இன்றைய கார்களில் ஒரு சென்டிமீட்டர் பிழை கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். கோல்ஃபில் அதற்கு ஒளிய இடமில்லை. இந்தக் காரின் வீல்பேஸ் 2400 மி.மீ., அகலம் 1610 மி.மீ., ஐரோப்பிய மாடலின் நீளம் 3705 மி.மீ., உயரம் சுமார் 1410 மி.மீ.

இந்த நான்கு எண்களும் சமமாக நம்பத்தக்கவை அல்ல. நீளம் பம்பரைப் பொறுத்தது. அமெரிக்கச் சந்தைக்கான மாடலில் பெரிய பம்பர்கள் பொருத்தப்பட்டதால் அதன் நீளம் கூடுதல். எனவே உங்கள் படம் எந்தச் சந்தையின் காரைக் காட்டுகிறது என்று தெரியாமல் நீளத்தை வைத்து அளவு நிர்ணயித்தால் முழு உடலும் சுருங்கிவிடும். உயரம் சஸ்பென்ஷனையும் டயரையும் பொறுத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மாறக்கூடியது. அகலத்தில் பக்கவாட்டு மிரர்கள் சேர்ந்தனவா இல்லையா என்ற குழப்பம் எப்போதும் உண்டு. வீல்பேஸ் மட்டும் இரண்டு அச்சுகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரம். டிரிம் மாறினாலும் பம்பர் மாறினாலும் அது மாறாது, படத்திலும் இரண்டு வட்டங்களின் மையங்களாகத் துல்லியமாகக் கிடைக்கும். ஆகவே முதல் அளவுகோல் அதுவே. மற்ற மூன்றையும் நான் சாட்சிகளாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

கணக்கைச் செய்துவிடலாம். படங்களை ஒரே தாளிலிருந்து வெட்டி எடுப்பதற்கு முன், இரண்டு டயர்களும் தரையைத் தொடும் புள்ளிகளை இணைக்கும் கோடு கிடைமட்டமாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் படத்தைச் சுழற்றி நேராக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்ட பக்கவாட்டுப் படத்தில் முன் ரிம்மின் மையத்திலிருந்து பின் ரிம்மின் மையம் வரை 1480 பிக்சல் வருகிறது. 2400ஐ 1480ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 1.6216 மி.மீ. அதே படத்தில் காரின் மொத்த நீளம் 2285 பிக்சல். பெருக்கினால் 3705 மி.மீ. இது ஐரோப்பிய பம்பருடன் கூடிய கார்தான் என்பதும், கிடைமட்ட அளவு நம்பகமானது என்பதும் ஒரே நேரத்தில் உறுதியாகின்றன.

இப்போது உயரம். தரையிலிருந்து கூரையின் உச்சி வரை 856 பிக்சல். அதே அளவுகோலில் அது 1388 மி.மீ. இருபது மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது. கார் தாழ்ந்த சஸ்பென்ஷன் கொண்டதா, அல்லது படம் செங்குத்தாக நசுங்கியிருக்கிறதா? இதைப் பிரித்தறிய ஒரு நல்ல கருவி படத்திலேயே இருக்கிறது. ரிம் ஒரு வட்டம். டயர் காரின் எடையால் அடியில் சற்றுத் தட்டையாகும் என்பதால் அதை நம்பக்கூடாது, ரிம் நசுங்காது. என் படத்தில் ரிம்மின் அகலம் 225 பிக்சல், உயரம் 222 பிக்சல். அதாவது படம் செங்குத்துத் திசையில் ஒன்றே கால் சதவீதத்துக்குச் சற்று அதிகமாகச் சுருங்கியிருக்கிறது. 1388ஐ 225/222ஆல் பெருக்கினால் 1407 மி.மீ. வருகிறது, அறிவிக்கப்பட்ட உயரத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அருகில். ரிம்மும் கூரையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு அளவுகள். இரண்டும் ஒரே திருத்தத்தைக் கேட்பதால்தான் அதைச் செய்யத் துணிகிறேன். கூரை மட்டும் குறைந்து ரிம் சரியான வட்டமாக இருந்திருந்தால் படத்தை நீட்டியிருக்கமாட்டேன்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 222 பிக்சல் உயரமுள்ள வட்டத்தில் ஒரு பிக்சல் என்பது ஏறத்தாழ அரை சதவீதம். கோட்டின் தடிமனே இரண்டு மூன்று பிக்சல் இருக்கும்போது, கோட்டின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு என ஒரே முறையில் அளக்காவிட்டால் இந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை. எண்ணூறு பிக்சல் அகலமுள்ள சிறிய படத்தில் இதைச் செய்து பார்க்கவே வேண்டாம். அதில் ரிம் எண்பது பிக்சல்கூட இருக்காது.

முன்புறப் படத்தில் சக்கரங்கள் வட்டமாகத் தெரிவதில்லை. அங்கே அளவுகோல் அகலம். மிரர்களை விட்டு உடலின் அகலம் 1004 பிக்சல். 1610ஐ வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 1.6036 மி.மீ. இந்த அளவில் உயரம் 878 பிக்சல், அதாவது 1408 மி.மீ. திருத்திய பக்கவாட்டுப் படம் 1407 சொன்னது. இரண்டும் ஒத்துப்போவதால் முன்புறப் படத்தை நீட்டவோ சுருக்கவோ தேவையில்லை. ஆனால் கவனியுங்கள்: பக்கவாட்டுக்கு 1.6216, முன்புறத்துக்கு 1.6036. இரண்டும் ஒரே தாளில் அச்சான படங்கள். ஒரே தாளிலிருந்து வந்ததால் அளவும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பி ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருந்தால் கார் 18 மி.மீ. அகலமாகியிருக்கும்.

மேற்புறப் படம்தான் பெரும்பாலும் தொல்லை தருவது. வரைபவர்கள் பக்கவாட்டுக்குக் காட்டும் அக்கறையை இதற்குக் காட்டுவதில்லை. இதில் நீளம் 2290 பிக்சல், எனவே ஒரு பிக்சலுக்கு 1.6179 மி.மீ.; ஆனால் அகலம் 968 பிக்சல்தான், அதாவது 1566 மி.மீ. நாற்பத்து நான்கு மில்லிமீட்டர் குறைவு. படத்தை அகலவாக்கில் நீட்டிவிடுவதுதான் முதலில் தோன்றும் வழி. அதற்குமுன் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் தனித்தனியே அளந்து பார்த்தால், ஒரு பக்கம் 494 பிக்சல், மறுபக்கம் 474. முதல் பாதி 799 மி.மீ., இரண்டாவது 767. சரியான பாதி அகலம் 805. ஒரு பாதி ஏறக்குறைய சரியாகவே வரையப்பட்டிருக்கிறது, மறுபாதி ஒடுங்கியிருக்கிறது. படத்தை நீட்டியிருந்தால் சரியாக இருந்த பாதியையும் கெடுத்திருப்போம். எப்படியும் மிரர் மாடிஃபையரை வைத்து ஒரு பாதியைத்தான் செய்யப்போகிறோம். எனவே நல்ல பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, அது இடப்புறம் வரவேண்டிய பக்கமில்லை என்றால் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட வேண்டியதுதான். எஞ்சும் ஆறு மில்லிமீட்டரை நான் பொருட்படுத்துவதில்லை.

இனி மென்பொருளுக்குள். ப்ளெண்டரில் Numpad 1 முன்புறக் காட்சி, Y அச்சின் எதிர்த்திசையில் உள்ள முகத்தைக் காட்டும். எனவே காரின் மூக்கு -Y பக்கம் இருக்க வேண்டும். Numpad 3 காட்சியில் மூக்கு திரையின் இடப்பக்கம் வரும், தெரிவது காரின் இடப்பக்கம். Numpad 7இல் மூக்கு கீழ்நோக்கி இருக்கும். மேற்புறப் படத்தை வெட்டும்போதே அப்படித் திருப்பி வைத்துக்கொள்வது நல்லது. படத்தைச் சேர்த்தபின் அதன் Size என்ற அளவு, படத்தின் நீண்ட பக்கம் எத்தனை மீட்டர் என்பதைக் குறிக்கிறது. இந்த ஒரு விவரம் தெரிந்தால் கண்ணளவில் இழுத்துப் பொருத்த வேண்டிய அவசியமே இல்லை. ஓரங்களில் உள்ள வெற்றிடத்தையும் சேர்த்து பக்கவாட்டுப் படம் 2600 பிக்சல் அகலம், முன்புறப் படம் 1200 பிக்சல் அகலம், மேற்புறப் படம் 2500 பிக்சல் உயரம் என்றால், அவற்றுக்கு முறையே side, front, top என்று பெயரிட்டபின்:

```python
import bpy
o = bpy.data.objects
o["side"].empty_display_size  = 2600 * 2400/1480 / 1000
o["side"].scale.y             = 225/222
o["front"].empty_display_size = 1200 * 1610/1004 / 1000
o["top"].empty_display_size   = 2500 * 3705/2290 / 1000
```

இரண்டாவது திருத்தத்தில் scale.z என்று எழுதாமல் scale.y என்று எழுதியிருப்பதற்குக் காரணம், படம் நிமிர்ந்து நின்றாலும் அதன் சொந்த அச்சுக் கணக்கில் உயரம் என்பது Y ஆகவே இருக்கிறது. நீட்டலைப் படத்தை இடம்பொருத்துவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பிறகு செய்தால் தரைக்கோடு நகர்ந்துவிடும்.

இடம்பொருத்துவதற்கு நான் பயன்படுத்தும் தொடக்கப்புள்ளி முன் அச்சின் மையம்: Y = 0 அங்கே, பின் அச்சு Y = 2.4இல், தரை Z = 0இல், காரின் நடுக்கோடு X = 0இல். ரிம்மின் விட்டத்தில் இரண்டு வட்டங்களை Y = 0, Y = 2.4 ஆகிய இடங்களில் வைத்து, படத்தை நகர்த்தி இரண்டு ரிம்களும் அவற்றுக்குள் ஒரே நேரத்தில் அமரும்படி செய்கிறேன். அச்சின் உயரத்தைப் படத்தின் தரைக்கோட்டிலிருந்தே எடுக்க வேண்டும். டயரின் விட்டத்தைக் கணக்கிட்டு அதில் பாதியை வைத்தால், நசுங்காத டயரின் ஆரத்தை வைத்ததாகிவிடும், கார் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தூக்கி நிற்கும். படங்களைக் காரின் உடலுக்கு வெளியே தள்ளி வைத்து, ஆர்த்தோகிராஃபிக் காட்சியில் மட்டும் தெரியும்படி அமைத்து, Opacity அளவைப் பாதிக்குக் கீழே குறைத்துக்கொண்டால் வேலை தொடங்கலாம்.

தொடங்குமுன் இன்னொரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் ப்ளூபிரிண்ட் என்ற பெயரில் கிடைப்பவற்றில் சில உண்மையில் புகைப்படத்தின்மேல் கோடு வரைந்தவை. ஆர்த்தோகிராஃபிக் படத்தில் தொலைவு எதையும் சிறிதாக்காது, புகைப்படத்தில் சிறிதாக்கும். காரின் பக்கத் தகட்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்று எடுத்த படத்தில், காரின் நடுக்கோடு அதைவிட 80 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. எனவே நடுக்கோட்டில் உள்ள கூரை உச்சியும் மூக்கின் முனையும் ஏழு சதவீதத்துக்கும் மேல் சிறிதாகப் பதிவாகும், சக்கரங்களோ முழு அளவில் இருக்கும். வீல்பேஸை வைத்து அளவு நிர்ணயித்தால் கூரை தாழும், மூக்கும் பின்புறமும் குட்டையாகும். இத்தகைய படத்தைக் கண்டுபிடிக்க முன்புறக் காட்சியைப் பாருங்கள். முன் டயரின் உட்புறம் பின் டயரின் ஒரு பகுதி தெரிந்து, அதன் அடிப்பகுதி முன் டயரின் அடிப்பகுதியைவிட மேலே நின்றால் அது புகைப்படத்திலிருந்து பிறந்த படம். உண்மையான ஆர்த்தோகிராஃபிக் காட்சியில் நான்கு டயர்களும் ஒரே தரைக்கோட்டில் நிற்கும். இந்த வகைப் பிழையை நீட்டலால் திருத்த முடியாது, ஏனெனில் ஒவ்வொரு ஆழத்துக்கும் சுருக்கம் வேறு. படத்தை விட்டுவிடுவதே வழி.

இனி முதல் புள்ளிகள். உடல் முழுவதையும் ஒரே மூச்சில் வளைக்காமல், மூன்று காட்சிகளிலும் தெளிவாக அடையாளம் காணக்கூடிய சில இடங்களை மட்டும் தனிப் புள்ளிகளாக வைப்பது என் வழக்கம்: முன் பில்லர் பானெட்டைத் தொடும் இடம், பின் பில்லரின் அடி, ஹெட்லைட்டின் மையம், கதவின் கீழ் மூலைகள், பின்கண்ணாடியின் மூலைகள். ஒரு புள்ளிக்கு மூன்று ஆயங்கள்தான். ஆனால் பக்கவாட்டுப் படம் Y, Z இரண்டையும், முன்புறப் படம் X, Z இரண்டையும், மேற்புறப் படம் X, Y இரண்டையும் தருவதால் ஆறு அளவுகள் கிடைக்கின்றன. ஒவ்வோர் ஆயமும் இரண்டு முறை. இந்த இரட்டிப்புதான் ப்ளூபிரிண்டின் உண்மையான பயன்.

முன் பில்லரின் அடியை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டுப் படம் Y 520, Z 905 என்கிறது. முன்புறப் படம் X 640, Z 912. மேற்புறப் படம் X 628, Y 548. Zஇல் ஏழு மில்லிமீட்டர் வேறுபாடு, கோட்டுத் தடிமனுக்குள் அடங்குவது. Yஇல் இருபத்தெட்டு, அடங்காது. இப்போது மேற்புறப் படத்தை நகர்த்தினால் இந்தப் புள்ளி சரியாகும். அதைச் செய்யாமல் மற்றப் புள்ளிகளின் Y வேறுபாட்டையும் எழுதிப் பார்க்க வேண்டும். எல்லாப் புள்ளிகளிலும் அதே இருபத்தெட்டு வந்தால் படம் இடம் மாறியிருக்கிறது, நகர்த்தலாம். முன் அச்சருகே சிறிதாகத் தொடங்கிப் பின்னே போகப்போக வளர்ந்தால் அளவுகோல் தவறு. ஒரே புள்ளியில் மட்டும் வந்தால், பெரும்பாலும் படம் சரியாகவும் நம் வாசிப்பு தவறாகவும் இருக்கும். இங்கே நடந்தது அதுதான்: பக்கவாட்டிலிருந்து தெரிவது பில்லரின் வெளிமூலை, மேலிருந்து நான் குறித்தது கண்ணாடியின் மூலை, அது ரப்பரின் உட்புறம், சற்றுப் பின்னால், சற்று உள்ளே இருக்கிறது. Xஇல் இருந்த பன்னிரண்டு மில்லிமீட்டர் வேறுபாடும் அதே காரணத்தால் வந்தது. இரண்டு வெவ்வேறு புள்ளிகளை ஒன்று என்று எண்ணிச் சராசரி எடுத்திருந்தால், காரில் எங்குமே இல்லாத மூன்றாவது புள்ளி ஒன்று பிறந்திருக்கும். சராசரி எடுப்பதை நான் எப்போதும் சந்தேகத்துடனே பார்க்கிறேன்.

இது நம்மை இரண்டாவது சிக்கலுக்குக் கொண்டுவருகிறது. வரைபடத்தில் உள்ள கோடுகள் இரண்டு வகை. கதவின் இடைவெளி, கண்ணாடியின் விளிம்பு, பக்கத் தகட்டில் ஓடும் மடிப்பு ஆகியவை காரின்மேல் உண்மையில் இருக்கும் கோடுகள். அவற்றை மூன்று காட்சிகளிலும் பின்தொடரலாம். உடலின் வெளிவரம்பு அப்படியல்ல. அது ஒரு நிழலின் ஓரம். அந்தத் திசையிலிருந்து பார்க்கும்போது எந்த இடம் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதோ அதுவே அங்கே வரம்பாகிறது. வரம்பின் ஒரு பகுதி காரின் நடுவிலும் அடுத்த பகுதி காரின் ஓரத்திலும் இருக்கலாம், படம் அதைச் சொல்லாது.

பக்கவாட்டுப் படத்தில் கூரையின் மேல்வரம்பு காரின் நடுக்கோட்டில் இருக்கிறது, ஏனெனில் கூரை குறுக்குவாக்கில் நடுவில் உயர்ந்து ஓரங்களில் இறங்குகிறது. கதவுக்கு மேலே ஓடும் மழைநீர்க் கால்வாய் அதற்குக் கீழே தனிக்கோடாகத் தெரியும். ஆனால் பக்கவாட்டுக் காட்சியில் வேலை செய்பவர் கூரையின் ஓரப்புள்ளிகளையும் அதே மேல்வரம்பில் வைத்துவிட்டு, பின் X திசையில் நடுக்கோடு வரை நேராக இழுத்துவிடுகிறார். பக்கவாட்டில் படம் பொருந்துகிறது. கூரை பலகையாகிவிட்டது. கோல்ஃப் பெட்டி வடிவம் என்ற நினைப்பு இந்தத் தவறுக்குத் துணைபோகிறது. கூரையின் எழுச்சி எவ்வளவு என்பதை முன்புறப் படத்தின் மேல்வரம்பு ஓரளவு காட்டும். அதுவும் கூரை மிக உயர்ந்திருக்கும் இடத்தின் குறுக்குவெட்டு, விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பில் உள்ளது அல்ல. விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பு முன்புறப் படத்தில் அதற்குக் கீழே தனிக்கோடாக, தன் சொந்த வளைவோடு வரையப்பட்டிருக்கும். அந்தக் கோட்டைப் பயன்படுத்துங்கள், வரம்பை அல்ல.

மூக்கிலும் இதே கதை. மேலிருந்து பார்த்தால் முன்பக்கம் நேர்கோடு அல்ல. நடு சற்று முன்னே வந்து, மூலைகள் பின்வாங்கியிருக்கும். நான் அளந்த படத்தில் பானெட்டின் முன்விளிம்பு நடுவுக்கும் மூலைக்கும் இடையே சுமார் ஆறு சென்டிமீட்டர் பின்வாங்குகிறது. பக்கவாட்டுப் படத்தின் முன்வரம்பு அந்த நடுப்பகுதிக்கு உரியது. ஹெட்லைட்டின் வெளியோரத்தில் உள்ள புள்ளிகளை அந்த வரம்பில் வைத்தால் மூக்கு முழுவதும் சுவர் போல நின்றுவிடும், முன்மூலையிலிருந்து பார்க்கும்போது கார் இயல்பைவிட அகலமாகத் தெரியும். இந்த ஆறு சென்டிமீட்டரை முன்புறப் படமும் காட்டாது, பக்கவாட்டுப் படமும் காட்டாது. மேற்புறப் படத்தில் மட்டுமே உண்டு. மேற்புறப் படத்தின் தரம் மோசம் என்று அதை முற்றிலும் ஒதுக்குபவர்கள் இழப்பது இதைத்தான்.

பக்கத் தகடுகளுக்கும் இது பொருந்தும். முன்புறப் படத்தின் வெளிவரம்பு, காரின் மிக அகலமான குறுக்குவெட்டைக் காட்டுகிறது. அது முன் சக்கரத்தின் இடத்தில் இருக்க வேண்டியதில்லை. மேற்புறப் படத்தில் உடலின் பக்கக் கோடு மூக்கை நோக்கி எங்கே உள்வாங்கத் தொடங்குகிறது என்று பார்த்து, முன் ஃபெண்டரின் அகலத்தை அங்கிருந்து எடுக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடிகள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்துக்கு மட்டும் முன்புறப் படமே சரியான ஆதாரம்.

அளவுகள் சரியாக அமைந்தபின்னும் உடல் சுருங்குவதற்கு ஒரு வழி இருக்கிறது, அது சப்டிவிஷன் சர்ஃபேஸ் மாடிஃபையர். நாம் வைக்கும் புள்ளிகள் வழவழப்பான மேற்பரப்பின்மேல் இருப்பதில்லை. மேற்பரப்பு அவற்றுக்கு உள்ளே போகிறது. எவ்வளவு உள்ளே என்பதைக் கணக்கிட முடியும். திறந்த விளிம்பில் ஒரு புள்ளியின் இறுதி இடம், அந்தப் புள்ளியின் மூன்றில் இரண்டு பங்கும் அதன் இருபுற அண்டைப் புள்ளிகளின் ஆறில் ஒரு பங்கு வீதமும் சேர்ந்தது. சக்கர வளைவுக்கு இதைப் பொருத்தினால், முழு வட்டத்துக்கு n புள்ளிகள் என்ற நெருக்கத்தில்:

```
r = R * (2 + cos(360°/n)) / 3
```

படத்தில் வளைவின் ஆரம் 320 மி.மீ. என்று வைத்துக்கொண்டு எட்டுப் புள்ளி நெருக்கத்தில் அந்தக் கோட்டின்மேல் புள்ளிகளை வைத்தால், கிடைக்கும் வளைவின் ஆரம் 289 மி.மீ.; முப்பத்தொரு மில்லிமீட்டர் போய்விட்டது, டயருக்கும் ஃபெண்டருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிடும். பதினாறு புள்ளி நெருக்கத்தில் 312 மி.மீ., எட்டு மில்லிமீட்டர் இழப்பு. பதினாறையே வைத்துக்கொண்டு புள்ளிகளை 328 மி.மீ. ஆரத்தில் வைத்தால் வளைவு படத்தின் கோட்டில் சரியாக விழும். சக்கர வளைவுக்கு நான் செய்வது இதுதான்.

கூரை, பானெட் போன்ற பெரிய, மெதுவாக வளையும் பரப்புகளில் இழப்பு சிறியது. அங்கே கணக்குத் தேவையில்லை. மாடிஃபையரின் On Cage பொத்தானை அழுத்திவிட்டு, புள்ளிகள் வழவழப்பான பரப்பின்மேலேயே தெரியும் நிலையில் அவற்றைப் படத்தின் கோட்டுக்குக் கொண்டுவந்தால் போதும். புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போனால் படத்தோடு இன்னும் நெருங்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அப்போது வரைந்தவரின் கை நடுக்கமும் தகட்டில் ஏறிவிடும். பளபளப்பான மேட்கேப் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் அது அலையாகத் தெரியும். வரைபடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் பிரதிபலிப்பு நேராக ஓடும் பானெட்டையே நான் தேர்வேன்.

கடைசியாக, விகிதத்தைச் சோதிக்கும் முறை. ப்ளெண்டரின் பெர்ஸ்பெக்டிவ் காட்சி இயல்பாக 50 மி.மீ. லென்ஸில் இருக்கிறது. அதில் காரை நெருங்கிப் பார்த்தால் மூக்கு பெருத்தும் பின்புறம் சிறுத்தும் தெரியும். பலர் இதை மாடலின் தவறு என்று எண்ணி, சரியாக இருந்த மூக்கைக் குறைத்துவிடுகிறார்கள். View தாவலில் Focal Length அளவை 85 அல்லது 100 ஆக்கி, சற்று விலகி நின்று பார்ப்பதே நியாயமான பார்வை.

அதைவிட உறுதியான சாட்சி, அதே காரின் முன்மூலைப் புகைப்படம். fSpy என்ற இலவச மென்பொருள், புகைப்படத்தில் ஒன்றுக்கொன்று இணையான கோடுகளைக் காட்டினால் கேமராவின் இடத்தையும் லென்ஸையும் கணித்து ப்ளெண்டருக்குத் தரும். காரில் இணைகோடுகளைத் தேடும்போது பம்பரை எடுக்கக்கூடாது, அது வளைந்தது. இரண்டு ஹெட்லைட்டுகளின் மையங்களை இணைக்கும் கோடு, விண்ட்ஷீல்டின் இரண்டு கீழ்மூலைகளை இணைக்கும் கோடு போன்றவை எப்போதும் X அச்சுக்கு இணையானவை, ஏனெனில் அவை சமச்சீரான இணைகள். Y அச்சுக்குக் கதவுகளின் அடிவிளிம்பு நல்லது. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் வேறுபடும் என்பதால் சக்கரங்களை இணைக்கும் கோடு சற்றே சாய்ந்திருக்கும். கேமரா கிடைத்தபின் அளவை மீண்டும் வீல்பேஸால்தான் பொருத்த வேண்டும்: மாடலின் இரண்டு அச்சு மையங்களும் படத்தின் அச்சு மையங்களின்மேல் விழும்வரை.

அந்தக் கேமராவின் வழியே மாடலைக் கம்பிச்சட்டமாகப் புகைப்படத்தின்மேல் வைத்துப் பார்த்தால், ப்ளூபிரிண்டின் மூன்று காட்சிகளும் மறைத்த பிழைகள் தெரியத் தொடங்கும். சக்கரங்களும் கதவுகளும் பொருந்தி, மூக்கின் தொலைவு மூலை மட்டும் வெளியே நீண்டிருந்தால் பானெட்டின் பின்வாங்கல் போதவில்லை. கூரையின் அருகோரம் பொருந்தி நடுப்பகுதி தாழ்ந்திருந்தால் எழுச்சி போதவில்லை. எல்லாமே சற்று விலகியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேமராவை, மாடலை அல்ல. இணைகோடுகளை வேறு இணைகளிலிருந்து எடுத்து மீண்டும் கணித்துப் பார்த்த பிறகே புள்ளிகளைத் தொட வேண்டும். வரைபடமும் புகைப்படமும் முரண்படும் இடத்தில், அந்தப் புகைப்படம் சரியான மாடலுடையது, சஸ்பென்ஷன் தாழ்த்தப்படாதது என்று தெரிந்தால், நான் புகைப்படத்தின் பக்கமே நிற்கிறேன்; அந்த இடத்தில் வரைபடத்தை மறைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறேன்.